ஈரப்பத மீட்டருக்கு ஓர் உப்புச் சோதனை

மூன்று வருடமாகக் காளான் கொட்டகையில் தொங்கும் ஈரப்பத மீட்டர் 85 சதவீதம் என்கிறது. ஆனால் பைகளில் மொட்டுகள் காய்ந்து சுருங்குகின்றன. வித்து சரியில்லை, வைக்கோல் சரியில்லை என்பார்கள். மீட்டரை யாரும் சந்தேகிப்பதில்லை, அதுதான் ஒழுங்காக ஓடிக்கொண்டிருக்கிறதே!

மீட்டருக்குள் இருப்பது காற்றின் ஈரத்தை உறிஞ்சும் மெல்லிய பிளாஸ்டிக் படலம். உறிஞ்சிய ஈரத்துக்கேற்ப அதன் மின் தன்மை மாறுவதைத்தான் திரை எண்ணாகக் காட்டுகிறது. தூசியும் மருந்து ஆவியும் வருடக்கணக்கில் அந்தப் படலத்தில் ஏறுகின்றன. இடைவிடாத ஈரமும் அளவை மேலே தள்ளுகிறது. இந்தக் கடைசி வகைப் பிழையில் ஒரு பகுதி, உலர்ந்த அறையில் ஓரிரு நாள் வைத்தால் தானாக இறங்கிவிடும்.

ஆகவே மீட்டரை முதலில் உலர விடுங்கள். பிறகு ஒரு பாட்டில் மூடியில் தூள் உப்பைப் போட்டு, ஈர மணல் பதம் வரும்வரை சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விடுங்கள். உப்பு முழுக்கக் கரைந்துவிடக் கூடாது. கல் உப்பு வேண்டாம். அதிலுள்ள மக்னீசியம் கணக்கைக் கெடுக்கும். மூடியையும் மீட்டரையும், ஒன்றோடொன்று ஒட்டாமல், காற்றுப் புகாத டப்பாவில் வைத்து, வெயில் படாத இடத்தில் ஓர் இரவு விடுங்கள். டப்பாவுக்குள் ஈரப்பதம் 75 சதவீதத்தில் நிற்கும். நம் ஊர் வெப்பநிலைகளில் இது அரைப் புள்ளிகூட மாறுவதில்லை.

காலையில் மீட்டர் 80 காட்டினால் பிழை 5. அதாவது 85 என்று நம்பிய கொட்டகையில் இருந்தது ஏறக்குறைய 80தான். திருத்தும் வசதி இருந்தால் 5 குறையுங்கள். இல்லாவிட்டால் மீட்டர் மேலேயே எழுதி ஒட்டுங்கள். ஆனால் திருத்துமுன் காட்டிய எண்ணை நோட்டில் குறித்தாக வேண்டும். அந்தக் குறிப்பு இல்லாமல் நகர்வின் வேகம் தெரியாது. முதல் வருடம் மூன்று மாதத்துக்கு ஒருமுறை பார்க்கலாம். இரண்டு புள்ளிக்குள் நின்றால் கை வைக்காதீர்கள், இடைவெளியை ஆறு மாதமாக்குங்கள். ஒவ்வொரு முறையும் வேகமாக ஓடினால் சென்சாரை மாற்றுவதே மலிவு. என்னைக் கேட்டால் இரண்டு மீட்டர் வாங்கி, ஒன்று தொங்கும்போது மற்றதை உலர விடுவது நல்லது.

அதே கொட்டகையின் கார்பன் டை ஆக்சைடு மீட்டரில் வேறு வம்பு. பல மீட்டர்கள் ஒரு வாரத்தில் கண்ட மிகக் குறைந்த அளவை வெளிக்காற்று என்று எடுத்துக்கொண்டு, அதை 400 ஆக்கித் தம்மைத் தாமே திருத்திக்கொள்ளும். ஆளில்லாத இரவில் காற்றோட்டம் பெறும் அலுவலகத்துக்கு இது பொருந்தும். காளான் இரவிலும் மூச்சுவிடுகிறது. அளவு 900க்குக் கீழே இறங்காத கொட்டகையில் மீட்டர் 900ஐயே 400 என்று பழகிக்கொள்ளும். அந்தத் தானியங்கித் திருத்தத்தை அணைத்துவிட்டு, சில மாதங்களுக்கு ஒருமுறை மீட்டரை வெட்டவெளிக்குக் கொண்டுபோய், மூச்சுப்படாமல் அரைமணி வைத்துப் பாருங்கள். 430ஐ ஒட்டிக் காட்ட வேண்டும்.