செனாயிலிருந்து ஸ்கூடாய்க்குப் போன கார்கள்

சென்ற பருவத் தேர்வில் ஒரு கேள்விக்கு எனக்குப் பாதி மதிப்பெண்தான் கிடைத்தது. கணக்கில் பிழை இல்லை. கடைசி வரியில் நான் எழுதிய "எனவே" என்ற ஒரு சொல்தான் பிழை. அந்தச் சொல் ஏன் தவறு என்பதைப் புரிந்துகொள்ள எனக்கு ஒரு வார இறுதி தேவைப்பட்டது. செனாயில் வீட்டில் உட்கார்ந்து, எங்கள் ஊர்ப் பெயர்களை வைத்தே அந்தக் கணக்கைத் திரும்பப் போட்டுப் பார்த்தேன்.

ஒரு வாடகைக் கார் நிறுவனம் இருப்பதாக வைத்துக்கொள்வோம். கூலாய், செனாய் விமான நிலையம், ஸ்கூடாய் ஆகிய மூன்று இடங்களில் அதற்குக் கிளைகள். காரை எடுத்த கிளையிலேயே திருப்பித் தர வேண்டியதில்லை. கூலாயில் இருக்கும் கார்களில் பாதி மறுநாள் செனாய்க்கு வந்துவிடும், பாதி அங்கேயே நிற்கும். செனாயில் இருப்பவற்றில் கால்பங்கு கூலாய்க்கும், பாதி ஸ்கூடாய்க்கும் போகும். மீதிக் கால்பங்கு செனாயிலேயே இருக்கும். ஸ்கூடாயில் இருப்பவற்றில் கால்பங்கு செனாய்க்குத் திரும்பும், முக்கால்பங்கு அங்கேயே தங்கும். எண்கள் நான் கற்பனையாக வைத்தவை. நாளைக்கு ஒரு கார் எங்கே இருக்கும் என்பதற்கு இன்று அது எங்கே இருக்கிறது என்பது மட்டும் தெரிந்தால் போதும், நேற்றைய கதை தேவையில்லை. இப்படிப்பட்ட அமைப்பைத்தான் மார்கோவ் சங்கிலி என்கிறோம்.

நிறுவனத்திடம் மொத்தம் 70 கார்கள். ஒவ்வொரு கிளையிலும் எத்தனை கார்களை நிறுத்தினால், மறுநாளும் சராசரியாக அதே எண்ணிக்கை இருக்கும்? அந்தப் பங்கீட்டுக்குப் பெயர் நிலையான பரவல். பாடநூல் வழி என்னவென்றால், ஒவ்வொரு கிளைக்கும் ஒரு சமன்பாடு எழுதி எல்லாவற்றையும் சேர்த்துத் தீர்ப்பது. மூன்று கிளைகள் என்றால் பரவாயில்லை. நூறு கிளைகள் என்றால் கையால் முடியாது.

குறுக்கு வழி ஒன்று உண்டு. முழு ஊரையும் ஒரே நேரத்தில் பார்க்காமல், இரண்டிரண்டு கிளைகளாகப் பாருங்கள். கூலாயிலிருந்து செனாய்க்கு வரும் கார்களும் செனாயிலிருந்து கூலாய்க்குப் போகும் கார்களும் ஒரே எண்ணிக்கையாக இருக்கட்டும். கூலாயில் உள்ளதில் பாதி, செனாயில் உள்ளதில் கால்பங்குக்குச் சமம் என்றால், கூலாயைப் போல் செனாயில் இரண்டு மடங்கு இருக்க வேண்டும். அதே போல், செனாயில் பாதி ஸ்கூடாயில் கால்பங்குக்குச் சமம். ஆகவே செனாயைப் போல் ஸ்கூடாயில் இரண்டு மடங்கு. விகிதம் 1 : 2 : 4. கார்கள் 70 என்பதால் கூலாயில் 10, செனாயில் 20, ஸ்கூடாயில் 40.

சரிபார்ப்போம். மறுநாள் செனாயில் என்ன இருக்கும்? கூலாயிலிருந்து 5, ஸ்கூடாயிலிருந்து 10, செனாயிலேயே தங்கியவை 5. மொத்தம் 20. மாறவில்லை. இது தற்செயல் அல்ல. ஒவ்வொரு இணையிலும் போனதும் வந்ததும் சமம் என்றால், ஒரு கிளையிலிருந்து வெளியே போன மொத்தமும் உள்ளே வந்த மொத்தமும் சமமாகத்தானே இருக்கும்? இந்த இணைச் சமநிலையை ஆங்கிலத்தில் டீடெய்ல்டு பேலன்ஸ் என்பார்கள். குறியீட்டில் எழுதினால் இவ்வளவுதான்:

π(i) P(i,j) = π(j) P(j,i)

π(i) என்பது i என்ற கிளையில் உள்ள பங்கு. P(i,j) என்பது அங்கிருந்து j-க்குப் போகும் நிகழ்தகவு. இந்தச் சமநிலை உள்ள சங்கிலியை மீள்தன்மை கொண்டது என்கிறார்கள். நிலையான பரவலை எட்டியபின் கார்களின் நடமாட்டத்தைப் படம்பிடித்துப் பின்னோக்கி ஓட்டினாலும், எது முன் எது பின் என்று சொல்ல முடியாது என்பதால் அந்தப் பெயர்.

இனி, நான் சறுக்கிய இடம். நிறுவனம் 90 கார்களாக வளர்ந்துவிட்டது. கூலாய்க்கும் ஸ்கூடாய்க்கும் இடையே நெடுஞ்சாலை வழியாக நேரடிப் பயணமும் நடக்கிறது. இப்போது மூன்று கிளைகளும் ஒரு வட்டம். எந்தக் கிளையிலிருந்தும் மூன்றில் இரண்டு பங்கு கார்கள் கூலாய், செனாய், ஸ்கூடாய், மறுபடி கூலாய் என்ற வரிசையில் அடுத்த கிளைக்குப் போகின்றன. மூன்றில் ஒரு பங்கு எதிர்த்திசையில் போகின்றன.

பழைய குறுக்கு வழியையே போட்டுப் பார்ப்போம். கூலாயில் 1 என்றால் செனாயில் 2, ஸ்கூடாயில் 4. அங்கிருந்து மறுபடி கூலாய்க்கு வந்தால் 8 என்று வருகிறது. 1 என்று புறப்பட்ட கூலாய் 8 ஆகத் திரும்பி வர முடியாது. ஆகவே இங்கே இணைச் சமநிலை கிடையாது. தேர்வுத் தாளில் இதுவரை சரியாக எழுதிவிட்டு, "எனவே நிலையான பரவல் இல்லை" என்று முடித்திருந்தேன்.

ஆனால் ஒவ்வொரு கிளையிலும் 30 கார்கள் வைத்துப் பாருங்கள். செனாய்க்குக் கூலாயிலிருந்து 20 வரும், ஸ்கூடாயிலிருந்து 10 வரும், மொத்தம் 30. மற்ற கிளைகளுக்கும் இதே கணக்கு. பரவல் நிலையாகத்தான் இருக்கிறது! கூலாயும் செனாயும் மட்டும் பார்த்தால் போவது 20, வருவது 10, சமநிலை இல்லை. ஆனால் அந்த வித்தியாசமான 10 கார்கள் ஒரு ரவுண்டானாவில் சுற்றுவது போல மூன்று ஊர்களையும் தொடர்ந்து சுற்றுகின்றன. எந்தக் கிளையிலும் தேங்குவதில்லை.

இணைச் சமநிலை பொருந்தினால் அந்தப் பரவல் கண்டிப்பாக நிலையானது. பொருந்தாவிட்டால் அதிலிருந்து எந்த முடிவுக்கும் வர முடியாது; முழுச் சமன்பாடுகளுக்குத்தான் திரும்பிப் போக வேண்டும். என் "எனவே" தவறியது அங்கேதான்.

குறுக்கு வழி பலிக்குமா என்பதை முன்கூட்டியே அறியவும் ஒரு சோதனை உண்டு. ரஷ்யக் கணிதவியலாளர் கொல்மோகோரோவ் 1936-இல் தந்தது. வட்டத்தை ஒரு திசையில் சுற்றி நிகழ்தகவுகளைப் பெருக்குங்கள்; பிறகு எதிர்த்திசையில் பெருக்குங்கள். எல்லா வட்டங்களிலும் இரண்டும் சமம் என்றால் சங்கிலி மீள்தன்மை கொண்டது. நம் வட்டத்தில் ஒரு திசையில் 8/27, மறுதிசையில் 1/27. நாம் பார்த்த அந்த 8 இங்கேயும் நிற்கிறது. முதல் கணக்கில் கூலாயும் ஸ்கூடாயும் நேரடியாக இணையவில்லை, வட்டமே இல்லை. அதனால்தான் வழி சுலபமாகப் பலித்தது. ஒரே சாலையில் வரிசையாக நூறு கிளைகள் இருந்து, கார்கள் அடுத்த கிளைக்கு மட்டும் இரு திசையிலும் போய்வந்தாலும் இதே கதைதான். 99 விகிதங்களில் வேலை முடிந்துவிடும்.

மீள்தன்மை வெறும் தேர்வுக் குறுக்கு வழி அல்ல. சென்னையில் பிறந்து, 2007-இல் ஏபெல் பரிசு பெற்ற எஸ்.ஆர். சீனிவாச வரதன், கிளோட் கிப்னிஸுடன் சேர்ந்து 1986-இல் வெளியிட்ட புகழ்பெற்ற கட்டுரையின் தலைப்பிலேயே இந்தச் சொல் இருக்கிறது. இத்தகைய சங்கிலியில் நீண்ட நாள் சேரும் கூட்டுத்தொகை எப்படி மணி வடிவப் பரவலை நெருங்குகிறது என்பது அதன் பொருள். மீள்தன்மை அங்கே நிரூபணத்தைத் தாங்கி நிற்கும் நிபந்தனை.

திருத்திய விடைத்தாள் இன்னும் என்னிடம் இருக்கிறது. கடைசி வரியை அடித்துவிட்டு, பென்சிலால் கீழே எழுதி வைத்திருக்கிறேன்: "இணைச் சமநிலை இல்லை. ஆனாலும் 30, 30, 30."