ரஷ்ய மொழியில் ஒரு கார் வைத்திருப்பது எப்படி?

ஆங்கிலம் வழியாக ரஷ்ய மொழி படிப்பவர், ‘ஹேவ்’ என்பதற்கு நேரான வினையைத் தேடிப்பிடித்து ‘யா இமேயு மஷீனு’ என்பார். இலக்கணப்படி சரிதான், அன்றாடப் பேச்சில் ஒட்டாது. ‘உ மென்யா யெஸ்த் மஷீனா’ என்பதே வழக்கு: என்னிடம் கார் இருக்கிறது. தமிழருக்குப் பழகிய அமைப்புதானே!

இதில் எழுவாய் கார். இறந்தகாலத்தில் அது பளிச்சென்று தெரியும். மஷீனா பெண்பால் சொல் என்பதால், பேசுபவர் ஆணானாலும் ‘உ மென்யா பிலா மஷீனா’ என்றுதான் வினை வரும். கார் இல்லையென்றால் ‘உ மென்யா நியெத் மஷீனி’. வேற்றுமை மாறி, மஷீனா மஷீனியாகிவிடுகிறது. புதியவர்கள் அதிகம் சறுக்கும் இடம் இது.

கார் இருப்பது தெரிந்த செய்தி, அது புதிது என்பதே சொல்ல வந்தது என்றால் யெஸ்த் தேவையில்லை: ‘உ மென்யா நோவயா மஷீனா’.