மூன்று பவுண் சங்கிலிக்கு எவ்வளவு கிடைக்கும்?

தம்புள்ளைப் பக்கத்துப் பெரிய வெங்காயக் காணிக்கு விதையும் உரமும் வாங்க வேண்டும். ரத்தோட்டைத் தோட்ட லயத்தில் பிள்ளையின் படிப்புக்குப் பணம் கட்ட வேண்டும். மாத்தளை மாவட்டத்தில் இப்படி அவசரத் தேவை வந்தால், பலருக்கும் முதலில் நினைவுக்கு வருவது பெட்டிக்குள் இருக்கும் நகைதான். மாத்தளை நகரின் வங்கிக்கோ அடகுக் கடைக்கோ அதை எடுத்துக்கொண்டு போனால் சில நிமிடங்களில் ஒரு தொகை சொல்லப்படுகிறது. அடுத்த கதவைத் தட்டினால் வேறு தொகை. நகை ஒன்றுதான், ஆனால் தொகை ஏன் மாறுகிறது?

அந்தத் தொகைக்குப் பின்னால் இருப்பது ஒரு பெருக்கல். நகையின் தேறிய நிறையை அதன் கரட்டால் பெருக்கி 24ஆல் வகுத்தால், அதில் உள்ள சுத்தத் தங்கம் எத்தனை கிராம் என்று தெரியும். அதைச் சுத்தத் தங்கத்தின் ஒரு கிராம் விலையால் பெருக்கினால் நகையின் பெறுமதி. அந்தப் பெறுமதியில் எத்தனை சதவீதத்தைக் கடனாகத் தருவது என்பது கடன் கொடுப்பவரின் முடிவு. இவற்றில் எந்த எண் சற்று இறங்கினாலும் கையில் வரும் பணம் இறங்கும்.

ஓர் உதாரணம். பதக்கத்துடன் ஒரு சங்கிலி. தராசில் வைத்தால் 26.4 கிராம். பதக்கத்தில் கற்கள் உண்டு, உள்ளே அரக்கும் அடைத்திருக்கிறது. இரண்டுக்குமாக 2.4 கிராம் கழித்தால் தேறிய நிறை 24 கிராம், அதாவது மூன்று பவுண். சோதனையில் 22 கரட் என்று தெரிந்தால் அதில் உள்ள சுத்தத் தங்கம் 22 கிராம். சந்தை விலை நாளுக்கு நாள் மாறுவதால், கணக்குக்காக 24 கரட் தங்கம் கிராம் 40,000 ரூபா என்று வைத்துக்கொள்வோம். நகையின் பெறுமதி 8,80,000 ரூபா. கடன் சதவீதம் 75 என்றால் அதிகபட்சக் கடன் 6,60,000 ரூபா.

வீட்டில் போட்ட கணக்கு பெரும்பாலும் தவறுவது நிறையில்தான். கல்லையும் அரக்கையும் கழிக்காமல் 26.4 கிராமையே எடுத்திருந்தால் 7,26,000 ரூபா என்று வந்திருக்கும். 66,000 ரூபா வித்தியாசம். கடையில் வாங்கும்போது கொடுத்த செய்கூலியும் சேதாரமும் இந்தக் கணக்கில் எங்குமே வராது. அடகு மேசையில் வேலைப்பாட்டுக்கு விலை இல்லை, உள்ளே இருக்கும் உலோகத்துக்கு மட்டுமே விலை.

அடுத்தது கரட். மேலே சொன்ன சங்கிலி 22க்குப் பதில் 21 கரட் என்று மதிப்பிடப்பட்டால் கடன் 6,30,000 ஆகிறது. ஒரே ஒரு கரட்டுக்கு 30,000 ரூபா குறைகிறது. பற்றுவைப்பு அதிகமுள்ள நகைகளிலும் பழைய நகைகளிலும் இது நடக்கக்கூடியதுதான். பற்றாசில் தங்கத்தின் அளவு குறைவு என்பதால் கண்ணிகள் நிறைந்த சங்கிலியின் மொத்தத் தரம் முத்திரையில் உள்ளதைவிட இறங்கிவிடும்.

மதிப்பீட்டாளர் கரட்டை எப்படிக் கண்டுபிடிக்கிறார்? பழைய வழி உரைகல். கறுத்த கல்லில் நகையை உரசி ஒரு கோடு இழுப்பார். பக்கத்தில் தரம் தெரிந்த ஊசியால் இன்னொரு கோடு. இரண்டின் மீதும் அமிலத் துளி விட்டால் செம்பும் வெள்ளியும் கரைந்துபோகும், தங்கம் நிற்கும். எந்தக் கோட்டோடு நிறம் ஒத்துப்போகிறதோ அதுவே தரம். ஆனால் கல் தொடுவது மேற்பரப்பை மட்டும். தடித்த முலாம் பூசிய நகை இதில் தப்பிவிடலாம். அதனால் சந்தேகம் வந்தால் மறைவான இடத்தில் அரத்தால் சிறிது கீறி, உள்ளேயிருந்து உரசுவார்கள். எக்ஸ்-கதிர் கருவி நகையைக் காயப்படுத்தாமலே சதவீதத்தைச் சொல்லும். எனினும் அதுவும் மெல்லிய மேற்படலத்தையே வாசிக்கிறது.

உள்ளே என்ன இருக்கிறது என்று அறிய ஆர்க்கிமிடிசின் வழி உதவும். சுத்தத் தங்கத்தின் அடர்த்தி கனசென்ரிமீற்றருக்கு 19.3 கிராம், செம்புக்கு ஏறத்தாழ 9. 22 கரட் தங்கத்துக்கு ஏறக்குறைய 17.8. எனவே 24 கிராம் சங்கிலியை நூலில் கட்டி நீருக்குள் தொங்கவிட்டால் தராசு சுமார் 1.35 கிராம் குறைத்துக் காட்ட வேண்டும். அது 18 கரட் என்றால் ஏறத்தாழ 1.55 கிராம் குறையும். இரண்டுக்கும் இடையில் வெறும் 0.2 கிராம்தான் என்பதால், 0.01 கிராம்வரை காட்டும் தராசு இல்லாமல் இதைச் செய்ய முடியாது. கல் பதித்த நகைக்கும் உள்ளே பொள்ளலான நகைக்கும் இது பொருந்தாது. தங்கத்தின் அடர்த்தியே கொண்ட டங்ஸ்டனையும் இந்தச் சோதனை காட்டிக்கொடுக்காது.

மிஞ்சியிருப்பது சதவீதம். முழுப் பெறுமதியையும் ஏன் தருவதில்லை? வட்டியும் தங்க விலையின் ஏற்ற இறக்கமும்தான் காரணம். வருடத்துக்கு 12 சதவீத வட்டி என்று கொண்டால், 6,60,000 ரூபாக் கடன் ஒரு வருடத்தில் 7,39,200 ஆகும். 8,80,000 ரூபா நகைக்கு இன்னும் இடைவெளி இருக்கிறது. தங்க விலை 16 சதவீதம்வரை இறங்கினாலும் கடன் மூழ்காது. அதே நகைக்கு 90 சதவீதம் கொடுத்திருந்தால் கடன் 7,92,000, வருட முடிவில் 8,87,040. விலை ஒரு சதமும் இறங்காமலே கடன் நகையின் பெறுமதியைத் தாண்டிவிடுகிறது.

இந்த ஆபத்து உண்மையாகவே வந்தது. 2013 ஏப்ரலில் உலகச் சந்தையில் இரண்டே வேலை நாட்களில் தங்க விலை ஏறத்தாழ 13 சதவீதம் சரிந்தது. அந்த வருடம் முழுவதற்கும் சரிவு 28 சதவீதம் அளவில் இருந்தது. இலங்கையில் நகையின் விலையைவிட மீட்புத் தொகை கூடிவிட்டதால் பலர் நகையை மீட்க வரவில்லை. வங்கிகளின் அடகுக் கடன்களில் வராக்கடன் பெருகியது. கொடுப்பனவைச் சுருக்கிக்கொண்ட வங்கிகளை மறுபடி அடகுக் கடன் கொடுக்க வைப்பதற்காக மத்திய வங்கி 2014இல் ஓர் உத்தரவாதத் திட்டத்தைக் கொண்டுவந்தது. இந்தியாவில் ரிசர்வ் வங்கி 2014 ஜனவரியில் நிதி நிறுவனங்கள் நகையின் பெறுமதியில் கடனாகத் தரக்கூடிய உச்சவரம்பை 60இலிருந்து 75 சதவீதமாக உயர்த்தியது.

சதவீதத்தை மட்டும் பார்த்து இடத்தைத் தேர்ந்தெடுப்பதும் ஏமாற்றம்தான். ஒருவர் "நாங்கள் 80 சதவீதம் தருகிறோம்" என்று சொல்லி, சுத்தத் தங்கத்தின் விலையைக் கிராமுக்கு 37,000 என்று எடுத்தால் கிடைப்பது 29,600 ரூபா. 75 சதவீதம் தருபவர் 40,000 என்று எடுத்தால் கிடைப்பது 30,000. கொழும்பு செட்டியார் தெருவின் அன்றைய விலை எல்லோருக்கும் ஒன்றுதான். ஆனால் கடன் கொடுப்பவர் அதற்குக் கீழே தனக்கென ஒரு விலையை வைத்துக்கொள்ளலாம். அதனால் ஒப்பிட வேண்டியது சதவீதத்தை அல்ல. ஒரு கிராம் சுத்தத் தங்கத்துக்குக் கையில் எத்தனை ரூபா வருகிறது, அதற்கு வட்டி எவ்வளவு என்பதையே ஒப்பிட வேண்டும்.

இதே கணக்கைத் திருப்பியும் போடலாம். தேவை இரண்டு இலட்சம் ரூபா என்றால், கிராமுக்கு 30,000 வீதம் 6.67 கிராம் சுத்தத் தங்கம் போதும். 22 கரட்டில் அது 7.3 கிராம், ஒரு பவுணுக்கும் குறைவு. அதற்காக மூன்று பவுண் சங்கிலியை ஏலத்தின் வாசலில் வைக்கத் தேவையில்லை. சிறிய காப்பு ஒன்று போதும். நகையை நீட்டும் முன் வீட்டில் இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள். தேறிய நிறை, கரட், கிராம் விலை, வட்டி, மீட்கும் கடைசித் திகதி ஆகிய ஐந்தும் அடகுச் சீட்டில் தெளிவாக எழுதப்பட்டிருக்கிறதா என்று பார்த்த பிறகே கையொப்பம் இடுங்கள்.