படகு வரி யார் தலையில் விழுந்தது?

1991-இல் அமெரிக்காவில் ஆடம்பரப் படகுகளுக்குப் புதிய வரி வந்தது. விலையில் 1,00,000 டாலருக்கு மேற்பட்ட தொகைக்கு 10 சதவீதம். பணக்காரர்கள்தான் கட்டுவார்கள் என்பது எதிர்பார்ப்பு. ஆனால் அவர்களுக்குப் படகு அவசியமில்லை. அதே பணத்தில் வேறொன்று வாங்கிக்கொள்ளலாம். படகுத் தொழிலாளியோ ஒரே இரவில் வேறு தொழிலுக்கு மாற முடியாது.

ஒரு கற்பனைக் கணக்கு. படகு விலை 2,00,000 டாலர், வரி 10,000. விலை 1 சதவீதம் ஏறினால் வாங்குவது 3 சதவீதம் குறைகிறது. 1 சதவீதம் இறங்கினால் உற்பத்தி 1 சதவீதம் மட்டுமே குறைகிறது என்போம். இந்த நெகிழ்ச்சிகளின் தலைகீழ் விகிதத்தில் வரி பிரியும்: வாங்குபவருக்கு 2,500, விற்பவருக்கு 7,500. அதாவது அவர் 2,02,500 கொடுக்கிறார். இவர் கையில் நிற்பது 1,92,500. சரிதானா? விலை 1.25 சதவீதம் ஏறியதால் வாங்குவது 3.75 சதவீதம் சரிகிறது. வரவு 3.75 சதவீதம் இறங்கியதால் உற்பத்தியும் அதே அளவு சரிகிறது. இரண்டும் பொருந்துகின்றன.

சட்டம் யாரைக் கட்டச் சொன்னாலும் இந்தப் பங்கு மாறாது. நகர வழியில்லாதவரே அதிகம் சுமப்பார். ஆனால் காலம் செல்லச் செல்லப் பட்டறைகள் மூடப்பட்டு, தொழிலாளர்களும் வேறு வேலை தேடிக்கொண்டால், சுமை மெல்ல வாங்குபவர் பக்கம் நகரும். அதைப் பார்க்க அந்த வரி நீடிக்கவில்லை, 1993-இல் நீக்கப்பட்டது.