கடன் முடிந்தது, கட்டணக் கணக்கு முடிந்ததா?

தொழில் கடனைத் தவணைக் காலத்துக்கு முன்பே அடைத்துவிட்டால், வங்கியோடு நமக்கிருந்த உறவு அன்றே முடிகிறது. நம்முடைய கணக்குப் புத்தகத்தில் மட்டும் அந்தக் கடனின் வால் ஒன்று பல நேரம் ஒட்டிக்கொண்டிருக்கும். கடன் வாங்கிய அன்று கட்டிய பிராசஸிங் கட்டணத்தில் இன்னும் செலவாக எழுதப்படாத பகுதிதான் அந்த வால். கடன் முடியும் நாளில் அதையும் முடித்தாக வேண்டும்.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். ஓர் அச்சகம் இயந்திரம் வாங்க வங்கியில் 20 லட்சம் ரூபாய் கடன் எடுக்கிறது. நிலையான வட்டி 15 சதவீதம், 48 மாதத் தவணை, மாதம் சுமார் 55,662 ரூபாய் இ.எம்.ஐ. பிராசஸிங் கட்டணம் 2 சதவீதம், அதாவது 40,000 ரூபாய். அதற்கு ஜி.எஸ்.டி. 7,200 ரூபாய் தனி. அச்சகம் ஜி.எஸ்.டி. பதிவு பெற்றது என்பதால் அந்த 7,200 ரூபாயை உள்ளீட்டு வரியாக எடுத்துக்கொண்டது. மீதி 40,000 ரூபாய் 48 மாதக் கடனுக்கான செலவு. அதனால் மொத்தத்தையும் முதல் மாதமே செலவில் போடாமல், ஆடிட்டர் அதைச் சொத்துப் பக்கத்தில் வைத்து, மாதம் 833 ரூபாய் வீதம் செலவுக்குக் கொண்டுபோனார்.

18 தவணை கட்டிய பிறகு அச்சகத்துக்குப் பெரிய நிலுவைத் தொகை ஒன்று வந்து சேர்கிறது. கடனை அடைத்துவிட முடிவு செய்கிறார்கள். 18-ஆம் தவணை கட்டிய அன்றே முடிப்பதாக வைத்துக்கொண்டால், நாள் கணக்கு வட்டி எதுவும் இல்லை. வங்கி தரும் ஃபோர்குளோஷர் அறிக்கையில் பாக்கி அசல் 13,85,354 ரூபாய். அதில் 4 சதவீதம் ஃபோர்குளோஷர் கட்டணம் 55,414 ரூபாய். அந்தக் கட்டணத்துக்கு 18 சதவீத ஜி.எஸ்.டி. 9,975 ரூபாய். கட்ட வேண்டிய மொத்தம் 14,50,743 ரூபாய்.

தவறு நடப்பது இந்த இடத்தில்தான். வங்கிக் கணக்கிலிருந்து ஒரே தொகையாகப் பணம் போவதால், கணக்கு எழுதுபவர் முழுவதையும் கடன் கணக்கிலேயே பற்று எழுதிவிடுவார். அப்போது அடைந்துவிட்ட கடனின் கணக்கில் 65,389 ரூபாய் பற்று இருப்பு நிற்கும். வங்கி நமக்குப் பணம் தர வேண்டும் என்பதுபோல் இருப்புநிலைக் குறிப்பு காட்டும். சரியான பதிவு இது: கடன் கணக்கில் 13,85,354, நிதிச் செலவின் கீழ் ஃபோர்குளோஷர் கட்டணமாக 55,414, உள்ளீட்டு வரிக் கணக்கில் 9,975 ஆகிய மூன்றும் பற்று, வங்கிக் கணக்கில் 14,50,743 வரவு.

அடுத்தது இரண்டாவது பதிவு. 40,000 ரூபாயில் 18 மாதத்துக்கு 15,000 ரூபாய் செலவாகிவிட்டது. மீதி 25,000 ரூபாய் சொத்தாக நிற்கிறது. வரப்போகும் 30 மாதங்களுக்கான செலவு என்றுதான் அதை வைத்திருந்தோம். அந்த 30 மாதங்களுக்குக் கடனே இல்லை என்றான பிறகு அது சொத்தும் இல்லை. அதனால் அன்றைய தேதியிலேயே நிதிச் செலவில் 25,000 பற்று, பிராசஸிங் கட்டணச் சொத்துக் கணக்கில் 25,000 வரவு. வழக்கம்போல் மாதம் 833 ரூபாய் எழுதிக்கொண்டே போவது தவறு. புதிய வங்கியில் கடன் வாங்கிப் பழையதை அடைத்திருந்தாலும், பழைய கட்டணத்தைப் புதிய கடனின் கட்டணத்தோடு சேர்த்து இழுத்துப் போகக் கூடாது.

பெரிய நிறுவனங்கள் பின்பற்றும் 'இந்த் ஏ.எஸ். 109' தரத்தில் மாதாமாதம் சமமாகப் பிரிக்காமல், பயனுறு வட்டி முறையில் பிரிப்பார்கள். கடன் பாக்கி அதிகமாக இருக்கும் தொடக்க மாதங்களில் அதிகச் செலவு எழுதப்படுவதால், நம் உதாரணத்தில் எஞ்சுவது 25,000 அல்ல, 18,000 ரூபாய்ச் சுற்றளவில்தான் இருக்கும். முறை எதுவானாலும் எஞ்சியதை முடிக்கும் நாள் ஒன்றே.

அந்த ஆண்டின் லாபம் இந்த இரண்டு பதிவுகளால் 80,414 ரூபாய் குறையும். ஆனால் இரண்டும் ஒரே தன்மையுள்ளவை அல்ல. 55,414 இன்று கையிலிருந்து போகும் பணம். 25,000 ஒன்றரை ஆண்டுக்கு முன்பே போய்விட்ட பணம்; கடனைத் தொடர்ந்தாலும் முடித்தாலும் திரும்பி வராது. 'கடனை முடிக்கலாமா' என்று கணக்குப் போடும்போது அதைச் சேர்ப்பது முடிவையே மாற்றிவிடும்.

உதாரணமாக, கைப்பணம் இல்லாமல், 11 சதவீத வட்டிக்கு வேறு வங்கியில் 30 மாதக் கடன் எடுத்து இதை அடைப்பதாகக் கொள்வோம். பழைய கடனில் கட்ட வேண்டிய மீதி வட்டி சுமார் 2,84,500 ரூபாய். புதிய கடனில் 2,05,500. மிச்சம் 79,000. அதில் ஃபோர்குளோஷர் கட்டணத்தையும் புதிய வங்கியின் ஒரு சதவீத பிராசஸிங் கட்டணமான 13,850 ரூபாயையும் கழித்தால் சுமார் 9,700 ரூபாய் லாபம். பழைய 25,000-ஐயும் கழித்தால் 15,000 ரூபாய் நஷ்டம்போல் தோன்றும். அந்த நஷ்டம் மாயத் தோற்றம். அதே சமயம், கட்டணங்களை இன்றே கட்டிவிட்டு 30 மாதத்தில் சிறிது சிறிதாகத் திரும்பப் பெறும் 9,700 ரூபாய்க்காக வங்கி மாறும் அலைச்சல் தேவையா என்பது நியாயமான கேள்வி.

வருமான வரியில் இன்னொரு கண்ணி இருக்கிறது. கடன் பெறுவதற்கான செலவு வருவாய்ச் செலவே என்று 1965-இல் இந்தியா சிமெண்ட்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இதைப் பின்பற்றி, புத்தகத்தில் 48 மாதமாகப் பிரித்திருந்தாலும் வரிக் கணக்கில் 40,000 ரூபாயையும் முதல் ஆண்டிலேயே கழித்துக்கொண்டவர்கள் உண்டு. அப்படிக் கழித்திருந்தால், இப்போது எழுதித் தள்ளும் 25,000 ரூபாயை வரிக் கணக்கில் லாபத்தோடு திரும்பக் கூட்ட வேண்டும். இல்லாவிட்டால் ஒரே செலவை இரண்டு முறை கழித்ததாகிவிடும். பழைய ஆண்டின் வரிக் கணக்கை ஆடிட்டர் ஒருமுறை புரட்டிப் பார்த்தால் போதும்.

ஜி.எஸ்.டி.யில் உள்ளீட்டு வரி எடுக்க, நம் ஜி.எஸ்.டி. எண்ணோடு வங்கி தந்த வரி ரசீது வேண்டும். அது 2பி அறிக்கையிலும் வந்திருக்க வேண்டும். பதிவு இல்லாதவர்களுக்கும் காம்போசிஷன் திட்டத்தில் இருப்பவர்களுக்கும் இந்த வரி திரும்பக் கிடைக்காது. அவர்களுக்கு ஃபோர்குளோஷர் செலவு 65,389 ரூபாய். எழுதித் தள்ள வேண்டியதும் 47,200-இன் மீதியான 29,500 ரூபாய்.

இந்தக் கட்டணமே கேட்கக் கூடாத கடன்களும் உண்டு. ரிசர்வ் வங்கி 2025 ஜூலையில் வெளியிட்ட நெறிமுறைப்படி, 2026 ஜனவரி 1 முதல் அனுமதிக்கப்படும் அல்லது புதுப்பிக்கப்படும் மாறும் வட்டிக் கடன்களில், தனிநபர்களும் குறு, சிறு நிறுவனங்களும் தொழிலுக்காக வாங்கியவற்றுக்கு வணிக வங்கிகள் முன்கூட்டி அடைக்கும் கட்டணம் வாங்கக் கூடாது. சிறு நிதி வங்கிகள் போன்ற சிலவற்றுக்கு இந்தத் தடை 50 லட்சம் ரூபாய் வரையிலான கடன்களுக்குப் பொருந்தும். நம் அச்சகத்தின் கடன் நிலையான வட்டியில் வாங்கியது என்பதால் இந்தச் சலுகைக்குள் வராது.

ஆகவே, பணம் கட்டுவதற்கு முன் அனுமதிக் கடிதத்தை எடுத்து, வட்டி எந்த வகை, கட்டணம் எத்தனை சதவீதம், எந்தத் தொகையின் மேல் என்று பாருங்கள். கட்டிய பிறகு கடன் கணக்கு, பிராசஸிங் கட்டணச் சொத்துக் கணக்கு ஆகிய இரண்டின் இருப்பையும் பாருங்கள். இரண்டும் பூஜ்யமாக இருந்தால்தான் கடன் உங்கள் புத்தகத்திலும் முடிந்திருக்கிறது.