பிளான் மாற்றிய மாதத்து பில்

450 ரூபாய் போஸ்ட்பெய்டு பிளானில் இருக்கும் ஒருவர் 750 ரூபாய் பிளானுக்கு மாறுகிறார். அடுத்த பில் எவ்வளவு வரும்? 750 என்று பலர் சொல்வார்கள். வரியையும் நினைத்துப் பார்ப்பவர்கள் 885 என்பார்கள். வந்ததோ 1,888 ரூபாய். இப்படி ஒரு பில்லைப் பார்த்ததும் ‘ஏமாற்றிவிட்டார்கள்’ என்றுதான் முதலில் தோன்றும். ஆனால் இந்த 1,888 சரியான கணக்கு. இதே தொகையில் தவறும் ஒளிந்திருக்கலாம் என்பதால்தான் அதை வரிவரியாகப் பிரித்துப் படிக்கத் தெரிந்திருக்க வேண்டும்.

குழப்பத்துக்கு மூல காரணம், ஒரு போஸ்ட்பெய்டு பில்லில் இரண்டு மாதங்கள் இருப்பதுதான். வீட்டு வாடகையை மாதம் பிறந்ததும் கொடுத்துவிடுகிறோம். கரண்ட் பில்லை எரித்து முடித்த பிறகு கட்டுகிறோம். மொபைல் பில் இந்த இரண்டையும் ஒரே தாளில் போட்டுக் கொடுக்கிறது. பிளான் வாடகை பல நிறுவனங்களில் வரப்போகும் மாதத்துக்கானது. ரோமிங், பிளானுக்கு வெளியே செய்த அழைப்பு, எஸ்எம்எஸ் எல்லாம் முடிந்துபோன மாதத்துக்கானவை. வாடகையையும் மாத முடிவில் வாங்கும் நிறுவனங்கள் உண்டு. உங்களுடையது எந்த வகை என்று அறிய வாடிக்கையாளர் சேவைக்குப் போன் போடத் தேவையில்லை. பில்லில் வாடகை என்ற வரிக்குப் பக்கத்தில் இரண்டு தேதிகள் இருக்கும். அவை பில் தேதிக்குப் பிந்தியவையா, முந்தியவையா என்று பார்த்தால் போதும்.

இப்போது நம் உதாரண பில்லுக்கு வருவோம். கட்டணங்கள் கணக்குக்கு எளிதாக நான் வைத்துக்கொண்டவை. கணக்கு போடும் முறை நடப்பில் உள்ளது. இவருடைய பில் ஒவ்வொரு மாதமும் 5-ஆம் தேதி போடப்படுகிறது. ஜூன் 5-ஆம் தேதி பில்லில், ஜூலை 4 வரையிலான 30 நாளுக்கு 450 ரூபாயை முன்கூட்டியே வாங்கிவிட்டார்கள். ஜூன் 23 முதல் புதிய பிளான் நடைமுறைக்கு வருகிறது. அதாவது பழைய பிளானில் அவர் இருந்தது 18 நாள். மீதி 12 நாளுக்கு, பயன்படுத்தாத பிளானுக்கான பணம் நிறுவனத்திடம் இருக்கிறது.

ஜூலை 5-ஆம் தேதி பில்லில் வாடகைப் பகுதி மூன்று வரிகளாக உடைவது இதனால்தான். ஒரு நாளுக்கு 15 ரூபாய் வீதம் 12 நாளுக்கு 180 ரூபாய், பழைய பிளானுக்கான வரவாகக் கழித்தல் குறியோடு வரும். ஒரு நாளுக்கு 25 ரூபாய் வீதம் அதே 12 நாளுக்கு 300 ரூபாய், புதிய பிளானுக்கான பற்றாக வரும். மூன்றாவதாக, ஜூலை 5 முதல் ஆகஸ்ட் 4 வரைக்கான முழு வாடகை 750. கூட்டிக் கழித்தால் 870 ரூபாய். நாள் விகிதத்தில் பிரித்துப் போடும் இந்த முதல் இரண்டு வரிகளைத்தான் பில்லில் ‘புரோ-ரேட்டா’ என்று அச்சிடுகிறார்கள்.

இதே மாற்றத்தை, வாடகையை மாத முடிவில் வாங்கும் நிறுவனத்தில் செய்திருந்தால் பில்லில் கழித்தல் வரியே இருக்காது. பழைய பிளானுக்கு 18 நாள், 270 ரூபாய்; புதியதற்கு 12 நாள், 300 ரூபாய்; ஆக 570. முழு 750 கூட வராது. பக்கத்து வீட்டுக்காரரும் நீங்களும் ஒரே நாளில் ஒரே மாதிரி பிளான் மாற்றியும் பில் வேறாக வருவதற்கு இது ஒன்றே போதும்.

நாள் கணக்கில் இன்னொரு நுணுக்கம் உண்டு. எங்கள் உதாரணத்தில் பில் காலம் 30 நாள் என்பதால் 450 ரூபாய் அழகாக நாளுக்கு 15 என்று வகுந்தது. பில் காலம் 31 நாளாக இருந்தால் நாளுக்கு 14 ரூபாய் 52 காசு. பிப்ரவரி முழுவதும் அடங்கிய 28 நாளாக இருந்தால் 16 ரூபாய் 7 காசு. ஆகவே பைசாக் கணக்கில் வித்தியாசம் வந்தால் சண்டைக்குப் போக வேண்டாம், முதலில் அந்தக் காலத்தில் எத்தனை நாள் என்று எண்ணுங்கள்.

நாள் விகிதத்தில் பிரிவது பணம் மட்டும் இல்லை என்பதைப் பலர் கவனிப்பதில்லை. பல பிளான்களில் டேட்டாவும் அப்படியே பிரிகிறது. புதிய பிளானில் மாதம் 75 ஜிபி என்று விளம்பரத்தில் படித்திருப்பார். ஆனால் முதல் 12 நாளுக்கு அவருக்குக் கிடைத்தது 30 ஜிபிதான். 75 இருக்கிறது என்ற நம்பிக்கையில் வீட்டு டிவிக்கும் ஹாட்ஸ்பாட் கொடுத்தால் அளவு தாண்டிவிடும். தாண்டிய பிறகு சில பிளான்களில் வேகம் குறையும். சிலவற்றில் கூடுதல் டேட்டாவுக்குக் கட்டணம் ஏறும். நம்மவர் அப்படித் தாண்டும் முன்பே 100 ரூபாய்க்கு ஒரு டேட்டா ஆட்-ஆன் போட்டுக்கொண்டார். அது பில்லில் தனி வரி.

ஆட்-ஆன் பகுதியில் பார்க்க வேண்டியது, நீங்கள் கேட்காத ஏதாவது அங்கே உட்கார்ந்திருக்கிறதா என்பது. ஒரு மாதம் இலவசம் என்று தொடங்கிய காலர் டியூனோ, பழைய பிளானோடு சேர்ந்து கிடைத்த ஓடிடி சந்தாவோ, பிளான் மாறியதும் கட்டணச் சேவையாகத் தொடரலாம். இத்தகைய சேவைகளை நிறுத்துவதற்கென்றே 155223 என்ற பொது எண் இருக்கிறது.

ரோமிங்குக்கு வருவோம். நாட்டுக்குள் இன்று பெரும்பாலான போஸ்ட்பெய்டு பிளான்களில் ரோமிங்குக்குத் தனிக் கட்டணம் கிடையாது. பில்லில் ரோமிங் என்று தொகை இருந்தால் அது வெளிநாட்டு ரோமிங்காகத்தான் இருக்கும். நம்மவர் ஜூன் மாதத்தில் சிங்கப்பூர் போனார். 600 ரூபாய்க்கு ஒருநாள் பேக் எடுத்தார். பேக் முடிந்த பிறகு விமான நிலையத்திலிருந்து இரண்டு எஸ்எம்எஸ் அனுப்பினார். ஒன்று 15 ரூபாய் வீதம் 30 ரூபாய் ஏறியது. எஸ்எம்எஸ்ஸோடு போனது அவர் அதிர்ஷ்டம். பேக் இல்லாத நேரத்தில் டேட்டா திறந்திருந்தால், வாட்ஸ்அப்பில் வந்து விழும் குடும்பப் படங்களே பயணச் செலவை மிஞ்சிவிடும். ஒருநாள் பேக் என்பது முதல் பயன்பாட்டிலிருந்து 24 மணி நேரமா, இந்திய நேரப்படி நள்ளிரவு வரையா என்பதும் நிறுவனத்துக்கு நிறுவனம் வேறுபடுகிறது. வாங்கும்போதே இதைக் கேட்டுக்கொள்ள வேண்டும். கப்பலிலும் விமானத்திலும் கிடைக்கும் நெட்வொர்க் பொதுவாக இந்தப் பேக்குகளில் சேராது.

வெளிநாடு போகாமலே ரோமிங் ஏறுவதும் உண்டு. தனுஷ்கோடிப் பக்கம் போனவர்களுக்குத் தெரியும், போனில் ‘இலங்கைக்கு வரவேற்கிறோம்’ என்று செய்தி வந்து நிற்கும். கடலுக்கு அப்பாலுள்ள கோபுரத்தின் சிக்னலை போன் பிடித்துக்கொள்கிறது. வெளிநாட்டு ரோமிங் வசதி திறந்திருக்கும் எண்ணாக இருந்தால் அங்கே பேசிய ஒரு நிமிடம் வெளிநாட்டு நிமிடமாகவே கணக்காகும். அந்தக் கரையோரங்களில் நெட்வொர்க்கைத் தானியங்கித் தேர்விலிருந்து எடுத்துவிட்டு, உங்கள் நிறுவனத்தின் பெயரைக் கையாலேயே தேர்ந்தெடுத்து வைப்பது நல்லது.

ரோமிங் வரிகள் தாமதமாக வருவதையும் தவறு என்று எண்ண வேண்டாம். சிங்கப்பூரில் நீங்கள் பேசியதன் பதிவு அங்குள்ள நிறுவனத்திடம்தான் முதலில் உருவாகிறது. அவர்கள் அதைக் கோப்பாக்கி இங்கே அனுப்பிய பிறகே உங்கள் கணக்கில் சேர்கிறது. ஆகவே ஜூன் கடைசியில் போன பயணத்தின் ஓரிரு வரிகள் ஆகஸ்ட் பில்லில் எட்டிப் பார்க்கலாம். அந்த வரியில் அழைப்பு நடந்த தேதி இருக்கும். அதை உங்கள் பயணத் தேதியோடு ஒப்பிட்டுக்கொள்ளுங்கள்.

வாடகை 870, ஆட்-ஆன் 100, ரோமிங் பேக் 600, எஸ்எம்எஸ் 30. மொத்தம் 1,600 ரூபாய். இதன்மேல்தான் வரி. தொலைத்தொடர்புக்கு ஜிஎஸ்டி 18 சதவீதம்; ஜிஎஸ்டி வந்த 2017 ஜூலையிலிருந்து இதே விகிதம்தான். பில் முகவரி தமிழ்நாட்டில் இருந்தால் மத்திய அரசுக்கு 9, மாநில அரசுக்கு 9 என்று பாதிப்பாதியாகப் பிரித்துக் காட்டுவார்கள். மாதம் முழுவதும் பெங்களூரில் இருந்து பேசியிருந்தாலும் பில் முகவரிதான் கணக்கு. வெளிநாட்டு ரோமிங்குக்கும் இந்த வரி உண்டு. 144-ம் 144-மாக 288 ரூபாய் சேர, 1,888 ஆகிறது.

பிரீபெய்டிலிருந்து மாறி வந்தவர்கள் தடுமாறுவது இங்கேதான். பிரீபெய்டு ரீசார்ஜில் போட்டிருக்கும் விலைக்குள் வரி அடங்கிவிடுகிறது. போஸ்ட்பெய்டில் விளம்பர விலைக்கு மேல் வரி. 449 ரூபாய் பிளான் என்றால் கையை விட்டுப் போவது 529 ரூபாய் 82 காசு. விளம்பரத்தில் வரியைச் சிறிய எழுத்தில் போடும் இந்தப் பழக்கம் எனக்கு உடன்பாடானதல்ல. ஆனால் தொழில் முழுவதும் இப்படித்தான் நடக்கிறது.

தவறு எங்கே ஒளியும் என்று முதலில் சொன்னேன் அல்லவா? பிளான் மாற்றிய பில்லில் அதற்கு இரண்டு இடங்களைப் பார்த்தால் போதும். ஒன்று, கழித்தல் வரி இருக்கிறதா, அதன் தேதிகளும் புதிய பிளானின் தேதிகளும் ஒன்றாக இருக்கின்றனவா என்பது. பழைய பிளான் 23-ஆம் தேதி முடிந்தது என்றும் புதியது 23-ஆம் தேதி தொடங்கியது என்றும் இருந்தால் ஒரு நாளுக்கு இரண்டு பிளான் கட்டணம் வாங்கியிருக்கிறார்கள். மற்றொன்று, அந்த 180 ரூபாய் வரிக்கு முன் கழிக்கப்பட்டிருக்கிறதா என்பது. ஜூன் மாதம் அந்த 180-க்கும் சேர்த்து வரி கட்டியாகிவிட்டது. வரி போட்ட பிறகு வெறும் 180-ஐக் கழித்தால் 32 ரூபாய் 40 காசு உங்கள் கையிலிருந்து போகிறது. பழைய பாக்கி இருந்தாலும் அதை இந்த மாத வரிக் கணக்கில் சேர்க்கக் கூடாது. அதற்கு வரி போன பில்லிலேயே போட்டாயிற்று. தாமதக் கட்டணத்துக்கு மட்டும் வரி உண்டு, அது சட்டப்படி சரி.

இந்தத் தொல்லையே வேண்டாம் என்றால், புதிய பிளானை அடுத்த பில் தேதியிலிருந்து தொடங்கச் சொல்லிக் கேட்கலாம். பல நிறுவனங்களின் செயலியிலேயே இந்தத் தேர்வு இருக்கிறது. அவசரமாக டேட்டா தேவைப்படாதவர்களுக்கு அதுவே நல்லது.

நம்மவருக்கு ஆகஸ்ட் 5-ஆம் தேதி பில், வேறு எதுவும் பயன்படுத்தாவிட்டால், 885 ரூபாய்தான் வர வேண்டும். அதற்கு மேல் வந்தால் 198-க்கு அழைத்துப் புகார் எண் வாங்க வேண்டும். பதிலில் திருப்தி இல்லையென்றால் அதே நிறுவனத்தின் மேல்முறையீட்டு அதிகாரியிடம் 30 நாளுக்குள் போகலாம். டிராய்க்கு எழுதிப் பயனில்லை. தனிநபர் புகார்களை அது விசாரிப்பதில்லை. ஆனால் நுகர்வோர் ஆணையத்தின் கதவு திறந்திருக்கிறது. தொலைத்தொடர்பு நிறுவனங்கள் மீதான புகார்களை நுகர்வோர் மன்றங்கள் விசாரிக்கலாம் என்று 2022 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்துவிட்டது.