உப்புக் காற்றும் ஒன்றே முக்கால் அங்குலமும்

2025 ஏப்ரலில் திறக்கப்பட்ட புதிய பாம்பன் ரயில் பாலத்தில் துருப்பிடிக்காத எஃகுக் கம்பிகளைப் பயன்படுத்தியிருக்கிறார்கள். மேலே இருக்கும் இரும்புப் பகுதிகளுக்குக் கடல் காற்றைத் தாங்கும் தனிப் பூச்சும் அடித்திருக்கிறார்கள். காரணம் அந்த இடம். இரும்பை மிக வேகமாகத் தின்னும் கடற்கரைகளில் மண்டபம், பாம்பன் பகுதியும் ஒன்று. காரைக்குடியில் உள்ள மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம் தன் துரு ஆய்வுக் களத்தை மண்டபத்தில் அமைத்ததும் அதனால்தான்.

அதே காற்று வீசும் தெருவில் வீடு கட்டுகிறவருக்குத் துருப்பிடிக்காத கம்பி கட்டுப்படியாகாது. அவர் வாங்குவது சாதாரண டி.எம்.டி. கம்பிதான். அந்தக் கம்பியையும் பல பத்தாண்டுகள் காப்பாற்ற வழி இருக்கிறது. அது கம்பியைச் சுற்றியிருக்கும் கான்கிரீட்டின் தரத்திலும் தடிமனிலும் இருக்கிறது.

நல்ல கான்கிரீட்டுக்குள் காரத்தன்மை மிக அதிகம். அதனால் கம்பியின் மேல் கண்ணுக்குத் தெரியாத மெல்லிய காப்புப் படலம் ஒன்று தானாகவே உருவாகிவிடும். அது இருக்கும்வரை கம்பி துருப்பிடிக்காது. கடல் காற்றில் வரும் உப்பிலுள்ள குளோரைடு, கான்கிரீட்டின் நுண்துளைகள் வழியே ஈரத்தோடு மெல்ல உள்ளே நகர்கிறது. கம்பியைச் சுற்றிப் போதுமான அளவு சேர்ந்ததும் அந்தப் படலத்தைத் துளைக்கிறது. அதற்குப் பிறகு பிடிக்கும் துரு, தின்ற இரும்பைப் போல இரண்டு முதல் ஆறு மடங்கு இடத்தை அடைக்கும். உள்ளிருந்து வரும் அந்த அழுத்தத்தில் கம்பி போகும் வழியிலேயே கான்கிரீட் நீளமாக விரிசல் விடுகிறது. விரிசல் வழியே இன்னும் உப்பும் ஈரமும் காற்றும் நுழைகின்றன.

உப்பு கம்பியை எட்ட எடுத்துக்கொள்ளும் காலம், கம்பிக்கு மேலுள்ள கான்கிரீட்டின் தடிமனைப் பொறுத்தது. அந்தத் தடிமனைத்தான் ‘கவர்’ என்கிறார்கள். கவர் இரட்டித்தால் காலம் இரட்டிப்பதோடு நிற்காது, தோராயமாக நான்கு மடங்காகிறது. கட்டடச் செலவில் இவ்வளவு குறைவாகக் கொடுத்து இவ்வளவு ஆயுளை வாங்கித் தருவது வேறொன்றும் இல்லை.

இந்தியத் தர விதியான ஐ.எஸ். 456 கடலோரத்தைப் பல நிலைகளாகப் பிரித்துப் பார்க்கிறது. உப்புக் காற்று நேரடியாகப் படாமல் மறைவில் இருக்கும் பகுதிகளுக்கு எம்25 கான்கிரீட்டும் 30 மில்லிமீட்டர் கவரும் போதும். காற்று நேரடியாக அடிக்கும் வெளித் தூண், பால்கனி, மொட்டை மாடி போன்றவற்றுக்குக் குறைந்தது எம்30, கவர் 45 மில்லிமீட்டர், அதாவது ஏறக்குறைய ஒன்றே முக்கால் அங்குலம். அலைத் தெறிப்பு படும் இடமானால் எம்35, 50 மில்லிமீட்டர்.

ராமேசுவரம் தீவில் கடலைப் பார்த்து நிற்கும் ஒரு வீட்டின் முன் தூணை வைத்து இதைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். வழக்கம்போல ஒன்பது அங்குலச் சதுரத் தூண், அதாவது 230 மில்லிமீட்டர். கம்பி கட்டுகிறவர் 180 மில்லிமீட்டர் ரிங் வளைப்பார். பக்கத்துக்கு 25 மில்லிமீட்டர் கவர் கிடைக்கும். கூடு ஒரு பக்கம் சற்றே சாய்ந்தால் அங்கே 15 ஆகிவிடும். விதிப்படி 45 விட வேண்டுமானால் ரிங் 140 மில்லிமீட்டராகச் சுருங்க வேண்டும். அப்படிச் சுருக்கினால் கம்பிகள் நடுவில் நெருங்கிவிடும், தூணின் வலு குறையும். ஆகவே சுருக்க வேண்டியது ரிங்கை அல்ல, பெருக்க வேண்டியது தூணை. 12 அங்குலச் சதுரமாக, அதாவது 300 மில்லிமீட்டராக எடுத்தால் 45 மில்லிமீட்டர் கவர் போகவும் 210 மில்லிமீட்டர் ரிங் வைக்கலாம். பத்தடி உயரத் தூணுக்கு இதனால் கூடும் கான்கிரீட் ஏறத்தாழ நான்கு கன அடிதான். ஆனால் இந்த முடிவை வரைபடம் போடும்போதே பொறியாளர் எடுத்திருக்க வேண்டும். கம்பி கட்டி முடித்த பிறகு கவரைக் கூட்ட இடம் இருக்காது.

அளப்பதிலும் ஒரு தவறு நடக்கிறது. கவரை மெயின் கம்பியிலிருந்து அளக்கிறார்கள். விதி சொல்வது, வெளியே இருக்கும் ரிங்கிலிருந்து. உப்பு முதலில் தொடுவதும் ரிங்கைத்தான். மேலே பூசும் சிமென்ட் பூச்சையும் கவரில் சேர்க்கக் கூடாது. அதேபோல, செங்கல் துண்டையோ ஜல்லியையோ முட்டுக் கொடுத்துக் கம்பியை நிறுத்தினால், அந்த இடமே உப்புக்கு வழியாகிவிடும். கான்கிரீட்டின் தரத்துக்குக் குறையாத கவர் பிளாக்குகளை 45 மில்லிமீட்டர் அளவில் வார்த்து வாங்கி, ஒரு மீட்டர் இடைவெளிக்குள் கட்ட வேண்டும். கட்டுக்கம்பியின் நுனிகளை உள்பக்கமாக மடக்கிவிட வேண்டும்.

கவர் எவ்வளவு இருந்தாலும், கான்கிரீட் நுண்துளை மிகுந்ததாக இருந்தால் பயன் குறைவு. அந்தத் துளைகளை உண்டாக்குவது தேவைக்கு மேல் ஊற்றும் தண்ணீர். எம்30க்குச் சிமென்ட் எடையில் 0.45 பங்குக்கு மேல் தண்ணீர் கூடாது. 50 கிலோ மூட்டைக்கு அது 22.5 லிட்டர். மணலில் இருக்கும் ஈரமும் இந்தக் கணக்கில் அடக்கம். கலவை இளக வேண்டுமானால் தண்ணீருக்குப் பதிலாகப் பிளாஸ்டிசைசர் சேர்க்கலாம். சட்டிக் கணக்கில் போடும் 1:1½:3 கலவை எம்20க்கு மட்டுமே. எம்30 வேண்டுமென்றால் ஆய்வகத்தில் மிக்ஸ் டிசைன் செய்து வாங்க வேண்டும், அல்லது ஆயத்தக் கலவை வரவழைக்க வேண்டும். கடலோர ஆழ்துளைக் கிணற்று நீரைச் சோதிக்காமல் ஊற்றுவது, உப்பை நாமே உள்ளே வைத்துக் கட்டுவதாகும். கம்பி போட்ட கான்கிரீட்டுக்கான நீரில் குளோரைடு லிட்டருக்கு 500 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. நீராற்றுவதற்கும் நல்ல தண்ணீரே வேண்டும்.

சிமென்ட் வாங்கும்போது ‘சல்ஃபேட் தாங்கும் சிமென்ட்’ என்ற பெயரைப் பார்த்துக் கடலோரத்துக்கு இதுதான் சரி என்று பலர் எண்ணுகிறார்கள். அது மண்ணிலுள்ள சல்ஃபேட்டுக்கானது. குளோரைடைப் பிடித்து வைக்கும் ஆற்றல் அதில் குறைவு. உருக்காலைக் கசடு சேர்ந்த ஸ்லாக் சிமென்டோ, சாம்பல் சேர்ந்த பி.பி.சி.யோ துளைகளை இறுக்கி உப்பை நன்றாகத் தடுக்கும். இவை மெதுவாக இறுகுவதால் குறைந்தது பத்து நாள், முடிந்தால் இரண்டு வாரம் நீராற்ற வேண்டும்.

இவ்வளவுக்கும் பிறகுதான் கம்பிக்கான மேல்பூச்சு. எபாக்சி பூசிய கம்பி நல்லதுதான், ஆனால் வளைக்கும்போதும் வெட்டும்போதும் பூச்சு உரிந்தால் அரிப்பு முழுவதும் அந்தச் சிறு இடத்தில் குவியும். அமெரிக்காவின் ஃபுளோரிடா கீஸ் தீவுகளில் எபாக்சி கம்பி போட்டுக் கட்டிய பாலங்களின் தூண்களில், சில ஆண்டுகளிலேயே துரு தலைகாட்டியது 1980களில் தெரியவந்தது. உரிந்த இடங்களுக்கு மறுபூச்சு அடிக்க ஆளில்லாத வேலையில், அந்தப் பணத்தைத் தூண் அளவுக்கும் கலவைக்கும் செலவிடுவது மேல். சாதாரணக் கம்பியையும் கடற்கரையில் மாதக்கணக்கில் திறந்து போட்டு வைக்கக் கூடாது. உப்புப் படிந்திருந்தால் கம்பித் தூரிகையால் தேய்த்து, நல்ல தண்ணீரில் கழுவிய பிறகே கட்ட வேண்டும்.

ஏற்கெனவே கட்டிய வீட்டில் முதலில் பார்க்க வேண்டியவை சன்ஷேடு ஓரம், பால்கனியின் அடிப்பக்கம், கடலைப் பார்த்த தூண்களின் முனைகள். கம்பியின் போக்கிலேயே நேர்கோட்டில் ஓடும் விரிசல், பழுப்புக் கறை, சுத்தியலால் தட்டினால் பொள்ளென்று வரும் ஓசை ஆகியவை துரு தொடங்கிவிட்டதன் அடையாளங்கள். அதன்மேல் பூசி மெழுகினால் துரு உள்ளே தொடரும். உப்பேறிய கான்கிரீட்டைக் கம்பியின் பின்புறம் வரை கொத்தி எடுத்து, கம்பியைச் சுத்தம் செய்து, இளைத்திருந்தால் புதுக் கம்பி சேர்த்து, பிறகே நிரப்ப வேண்டும். விரிசல் தெரிந்த துண்டை மட்டும் கொத்தி, உப்பேறிய பக்கத்துப் பகுதியை விட்டுவைத்தால், புது ஒட்டின் விளிம்பை அடுத்தே கம்பி முன்னைவிட வேகமாக அரிக்கத் தொடங்கும். கொத்துவதற்கு முன் உப்பு எதுவரை ஏறியிருக்கிறது என்று அறிய, பல ஆழங்களில் துளையிட்டு எடுத்த தூளை ஆய்வகத்தில் குளோரைடு சோதனைக்குக் கொடுக்கலாம்.